விஷயம் சொல்லாதவருக்கு நேரம் கிடையாது

இப்போதெல்லாம் ஒரு மனுஷனைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்பது பேரும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள். உட்காருங்கள் என்கிறார்கள், தண்ணீர் வேண்டுமா என்கிறார்கள், ஆனால் ஒருத்தரும் நகர்ந்து வழிவிடுவதில்லை. முன்பெல்லாம் முடியாது என்றால் முடியாது என்று மூஞ்சிக்கு நேரே கத்துவார்கள். நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு வரலாம். மனசாவது ஆறும்.

மூன்றாவது மாடியில், ஆஸ்பத்திரி டைரக்டரின் அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து லாரிக்காரர் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியது முப்பத்தெட்டு வருஷம். கண் மங்கி ஸ்டியரிங்கை விட்டு ஆறு வருஷமாகியும் தெருவில் அவருக்கு அதே பெயர்தான். இங்கே அவர் வருவது இது நான்காவது தடவை. எதிரே மேஜைக்குப் பின்னால் டைரக்டரின் உதவியாளர் அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மேஜையில் இரண்டு போன். அந்த அம்மாவுக்கு லாரிக்காரர் வைத்திருந்த பெயர் 'தாழ்ப்பாள்'.

"ஐயா, போன தடவையும் கேட்டேன். என்ன விஷயமா பாக்கணும்?"

"அத அவர்கிட்டதாம்மா சொல்லணும்."

"விஷயம் தெரியாம நான் நேரம் குடுக்க முடியாதுங்களே. ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நான் உள்ள வைக்கிறேன்."

"எழுதி ரெண்டு லெட்டர் போட்டாச்சு, ரிஜிஸ்டர் தபால்ல. என்ன கிழிச்சாங்க?"

அந்த அம்மா என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒரு போன் அடித்தது, கூடவே இன்னொன்றும் அடித்தது. லாரிக்காரர் எழுந்து கீழே இறங்கிவிட்டார்.

தரைத்தளத்தில் டயாலிசிஸ் அறை. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மெஷின். ஏழாவது கட்டிலில் அவர் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்குப் படுத்தால் பத்து மணி வரைக்கும் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வரும். அதுவரை ஊசி குத்திய இடது கையை மடக்கக்கூடாது, அசைக்கக்கூடாது. வாய்க்கு மட்டும் அப்படி ஒரு தடையும் இல்லை.

"தொரைய பாத்தாச்சா?"

"எங்க? தாழ்ப்பாள் போட்டுல்ல வச்சிருக்கு."

கதவோரச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதத்துக்கான உத்தேசப் பட்டியல். அதில் ஏழாவது கட்டில்காரி காலை முறையிலிருந்து மாலை முறைக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்குப் படுத்தால் ஒன்பதுக்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் அரைமணி தலை சுற்றும். அவர்கள் பக்கம் போகும் கடைசிப் பஸ் எட்டரைக்கு. வாரம் மூன்று நாள் வாடகைக் கார் வைக்க வழியில்லை. இரண்டு வாரம் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை மூன்றாவது கட்டிலில் போன வருஷம் படுத்திருந்தவர் காட்டிவிட்டுப் போயிருந்தார். மெஷின் பார்க்கும் பையனைக் கேட்டதற்கு, "எங்க கையில இல்லீங்க, டைரக்டர் கையெழுத்து போட்டா முடிஞ்சது" என்று சொல்லிவிட்டான். அன்றைக்குத்தான் லாரிக்காரர் மூன்றாவது மாடிக்கு முதல் தடவை ஏறியது.

"அந்த ரெண்டு லெட்டர்ல என்னதான் எழுதுனீங்க?" என்றாள் மனைவி.

"நியாயத்த எழுதுனேன்."

"என்ன நியாயம்?"

"இந்த ஆஸ்பத்திரியில நடக்குற அநியாயத்தப் பத்தி நேர்ல பேசணும், நாள் சொல்லுங்கன்னு எழுதுனேன். கவர் மேல, டைரக்டர் தவிர வேற யாரும் பிரிக்கக்கூடாதுன்னு செவப்பு மையில எழுதி, சுத்தி டேப் ஒட்டி அனுப்பிச்சேன்."

"என் பேரு?"

"எழுதல."

"இந்தப் பட்டியல் சமாச்சாரம்?"

"அதத்தான் நேர்ல சொல்லலாம்னு... நம்ம வீட்டு நோவு கண்டவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

மனைவி சிரித்தாள். சிரித்தால் கை அசையும் என்று பாதியில் அடக்கிக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏங்க, முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டுனீங்களே. ஏதாவது ஒரு கேட்டுல, 'லோடு என்னன்னு சொல்ல மாட்டேன், மொதலாளிய வரச்சொல்லு'ன்னு நின்னிருக்கீங்களா?"

"அது வேற."

"என்ன வேற? வண்டி நம்பர், என்ன சரக்கு, யாருக்கு, எத்தன மணிக்குள்ள எறக்கணும். இதச் சொன்னாத்தான கேட்ட தொறப்பான்? சொல்லாம நின்னா ஓரங்கட்டுன்னுதான் சொல்லுவான். அந்தம்மாவும் அதத்தான சொல்லுது?"

லாரிக்காரர் மெஷினில் ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேப்பர் எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. டைரக்டருக்கு இல்ல, அந்தம்மாவுக்கே எழுதுவோம்."

"தாழ்ப்பாளுக்கா?"

"அந்தப் பேர மட்டும் எழுதிடாதீங்க."

நர்ஸிடம் ஒரு தாள் வாங்கினார். மாத்திரை டப்பாவை அடியில் வைத்துக்கொண்டார். நாலாம் வகுப்போடு நின்ற கை. ஒவ்வொரு எழுத்தும் மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி முனகியது. 'தங்கள் உதவிக்கு மரியாதையுடன் நன்றி' என்று அவள் சொன்னபோது பேனாவைத் தூக்கிவிட்டார்.

"உதவி இன்னும் பண்ணவே இல்லையே?"

"நம்ம காகிதத்த உக்காந்து படிக்கப் போவுதுல்ல, அதுக்கு."

கடைசியில் இப்படி முடிந்தது:

'டைரக்டரின் உதவியாளர் அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மனைவி மூன்று வருஷமாக உங்கள் ஆஸ்பத்திரியில் திங்கள், புதன், வெள்ளி காலை முறையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அடுத்த மாதப் பட்டியலில் மாலை முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அது முடிய ஒன்பது மணி ஆகும். எங்கள் கடைசிப் பஸ் எட்டரைக்கு. வேறு வண்டி இல்லை. அதனால் வர முடியாமல் போகும். காலை முறை வேண்டும். கிழமை எதுவானாலும் சரி, காலை இல்லையென்றால் பதினொரு மணி முறையும் சரி. பட்டியல் முடிவாவதற்குள் டைரக்டர் ஐயாவை ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் இதை அவர் பார்வைக்கு வைத்தால் போதும். இது அவரிடம் சொல்ல வேண்டியது இல்லையென்றால் யாரிடம் போவது என்று சொல்லுங்கள், போகிறோம். முன்னால் வந்தபோது விஷயத்தைச் சொல்லாமல் உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும். தங்கள் உதவிக்கு மரியாதையுடன் நன்றி.'

மன்னிப்பு வரியை எழுத மட்டும் கால்மணி நேரம் ஆயிற்று. அது எழுதத் தெரியாததால் ஆன தாமதமல்ல.

மேலே போகும்போது ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டார். கேட்டில் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பது அவருடைய அனுபவம். காகிதத்தை மேஜையில் வைத்து, பையையும் பக்கத்தில் தள்ளினார்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அடிக்க ஆரம்பித்த போனை எடுத்து, "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்தார்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமேங்க ஐயா."

"ம்."

"அம்மாவோட ஆஸ்பத்திரி நம்பர் சொல்லுங்க. உங்க போன் நம்பரும் சொல்லுங்க. ரெண்டும் இதுல இல்ல." சொன்னதை ஓரத்தில் குறித்துக்கொண்டார். "நீங்க அனுப்பின கவர் ரெண்டும் புகார் பிரிவுக்குப் போயிருக்கும். பிரிக்கக்கூடாதுன்னு எழுதி வர்ற கவர நான் பிரிக்க மாட்டேன். விஷயமும் தெரியாதா, அப்படியே அங்க அனுப்பிடறதுதான் இங்க முறை. அவங்க பதில் சொல்ல முப்பது நாள் ஆகும்."

"முப்பது நாளா? அதுக்குள்ள..."

"அதான். பட்டியல் நாளன்னிக்கு மத்தியானம் கையெழுத்துக்கு வருது. இத அதுக்கு மேல வச்சு உள்ள அனுப்பறேன். அதுக்கு முன்னால டயாலிசிஸ் டாக்டர்கிட்ட காலையில எடம் இருக்கான்னு கேட்டு எழுதி வைக்கிறேன். டைரக்டர் மொதல்ல அதத்தான் கேப்பார். கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது."

"அப்ப அவர நான் பாக்க முடியாதா?"

"இந்த வாரம் நேரமே இல்லீங்க. நீங்க வந்து சொல்லப் போறது மொத்தமும் இந்தக் காகிதத்துல இருக்கு. உங்கள விட இது சீக்கிரமா உள்ள போயிடும்."

பையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் வேண்டாம். வீட்டுல அம்மாவுக்குக் குடுங்க."

"அவளுக்கு ஆரஞ்சு ஆகாதும்மா. இந்த நோவுக்கு அது சேராது. மூணு வருஷமாச்சு, வீட்டுல பழமே வாங்கறதில்ல."

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களும் சாப்பிடறதில்லையா?"

"அவ முன்னாடி எப்படிச் சாப்பிடறது?"

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "இங்க உக்காந்து சாப்பிட்டுப் போங்க. யாரும் பாக்க மாட்டாங்க. குப்பைக்கூடை அந்தப் பக்கம் இருக்கு."

லாரிக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார். புளிப்புப் பழம்தான். ஒரு சுளை விடவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த அம்மா தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. "ஐயா, டைரக்டர் பாத்துட்டார். டாக்டர்கிட்டயும் பேசினார். அம்மாவுக்கு அடுத்த மாசத்துலேர்ந்து செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி. கட்டில் நம்பர் நாலு. சாயங்கால முறையில போட்டவங்கள்ல பஸ்ஸுல வர்றவங்க இன்னும் யாராவது இருக்காங்களான்னும் கேக்கச் சொன்னார். மூணு பேர் இருந்தாங்க. அவங்களையும் மாத்தியாச்சு."

மனைவி போனைப் பிடுங்கி, "நல்லா இருப்பீங்கம்மா" என்றாள்.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, நாலாம் நம்பர் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் விரட்டினாள்: "மேல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. மரியாதை வேணும்."

போனார். அந்த அம்மா ஒரு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இன்னொன்றில் யாரையோ காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

அந்த அம்மா இரண்டு போனையும் வைத்ததும் இவர் கேட்டுவிட்டார். "ஏம்மா, நெசமா அவரே படிச்சாரா?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். இவருடைய கோணல் எழுத்துக்குக் கீழே பச்சை மையில் இரண்டு வரி. அதற்கடியில் ஒரு சுழி.

லாரிக்காரர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இப்படிக் கிறுக்கறதுக்கு டைரக்டரா வேணும்? யாரு வேணா கிறுக்கலாம்."

"அதான் வேலை முடிஞ்சுதே ஐயா. இன்னும் என்ன சந்தேகம்?"

"வேலை முடிஞ்சுது. அத இல்லேங்கல. நீ பண்ணுன, அது எனக்குத் தெரியும்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா உள்ள ஒரு ஆளு இருக்காருன்னு சொல்றியே, அத நான் கண்ணால பாக்கல. பாக்காதத நான் நம்பறதில்ல."

"அடுத்த வாரம் வேணும்னா ரெண்டு நிமிஷம் போட்டுத் தரேன். என்ன விஷயம்னு எழுதட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம், போ."

நன்றி என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியாயிற்று என்று கீழே பொய் சொல்லிக்கொள்ளலாம். லிஃப்ட் பக்கம் ஒரு கூட்டம் நின்றது. லாரிக்காரர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நேரில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.