பூட்டு எங்கே விழுகிறது

சின்னவளுக்குப் போட்டி அறிவிப்பு என்றால் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம். அத்தானுக்கோ முதல் பக்கம் போதும். "ஊரின் அடையாளமாக விளங்கும் நூலகம்" என்ற வரியைப் பார்த்ததுமே பென்சிலைத் தூக்கிவிட்டார். ஒரு வாரத்தில் அருமையான சுருள் படிக்கட்டு ஒன்று பிறந்து, போட்டிக்கு அனுப்ப வேண்டிய மூன்று வரைபடப் பலகைகளில் முதல் பலகையின் பாதியைப் பிடித்துக்கொண்டது.

அக்காவின் கணவர்தான் கட்டடக்கலை அலுவலகத்தின் தலைவர். ஐந்து ஆண்டுகளாக அவர் யோசனைக்கே கோடு இழுத்து வந்த சின்னவளுக்கு, இந்த ஒரு தடவையாவது தன் யோசனை எடுபட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அத்தான், கடைசியில இடப்பட்டியல் பாத்தீங்களா? கழிவறை, குடிதண்ணி, உட்கார இடம், மூணும் நூலகம் மூடின பிறகும் திறந்திருக்கணுமாம்."

"அதுக்கென்ன, ஓரமா ஒரு கதவு வச்சிடலாம்."

"ஓரமா இல்ல. அதுதான் கட்டடமே. பூட்டை வாசல்ல போடாம உள்ள தள்ளிப் போடுவோம். முன்பாதி எப்பவும் ஊருக்கு."

அத்தான் படிக்கட்டைத்தான் பார்த்தார். பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்பச் சொன்னதுபோல் இருந்தது அவர் முகம்.

பல் மருத்துவரான அக்கா சாப்பிடக் கூப்பிட வந்தாள். நடுவர்கள் ஒரு பலகை முன் அதிக நேரம் நிற்கமாட்டார்கள்; விளக்கம் சொல்ல வரைந்தவர்களும் அங்கே இருக்கமாட்டார்கள். அதனால் அவளை அறைக் கோடியிலேயே நிறுத்தி, அங்கிருந்தே பலகையைப் பார்க்கச் சொன்னார்கள்.

"என்ன தெரியுது?"

"படிக்கட்டு கட்டப் போறீங்க. ஆமா, எங்க ஏறிப் போகுது?"

சின்னவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அத்தான் பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் பலகைகளைப் பிரித்துப் போட்டு, சின்னவள் சொன்னபடி புதிதாக வரைந்தார்கள். முதல் பலகையில் 'முன்பாதி எப்போதும் ஊருக்கு' என்ற ஒரே வாக்கியம், கீழே பூட்டு விழும் இடத்தைச் சிவப்புக் கோடாகக் காட்டும் சின்னப் படம். இரண்டாவதில் தரைப்படமும், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வெட்டுப்படமும், ஒரே அளவுகோலில், அதே சிவப்புக் கோட்டோடு. மூன்றாவதில் நூலகத்தின் பகல் காட்சியும், மூடிய பிறகான மாலைக் காட்சியும் பக்கத்துப் பக்கத்தில். படிக்கட்டை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அத்தானே மூலையில் ஒட்டினார். சின்னவளுக்கு அவர்மேல் சட்டென்று பாசம் பொங்கியது.

அக்கா மறுபடி கோடியில் நின்றாள்.

"மூடின பிறகும் முன்னாடி உட்காரலாம் போல. சிவப்புக் கோட்டுலதான் பூட்டு."

"அந்தப் படி எப்படி இருக்கு?" அத்தானுக்கு மனசு கேட்கவில்லை.

"எந்தப் படி?"

மூவரும் சிரித்தார்கள். அத்தான்தான் அதிகம் சிரித்தார்.

பலகைகளில் பெயர் இருக்கக்கூடாது; ஒட்டிய உறைக்குள் வைக்கும் தாளில் மட்டும்தான். அந்தத் தாளை அத்தான் எடுத்தார். வடிவமைத்தவர் என்ற இடத்தில் சின்னவளின் பெயரை எழுதிவிட்டு, தன் பெயரை உதவி என்ற வரியில் எழுதினார்.