எடுத்து மாத்தணும்

ஒரு கர்ப்பப்பையின் விலை எழுபத்தெட்டாயிரம் ரூபாய். மூன்று நாள் அறை வாடகையும் மயக்க மருந்தும் அதில் அடக்கம். ரத்தம் ஏற்றினால் தனி. அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டவர் பில்லிங் சூப்பர்வைசர் நீலகண்டன். எடுக்கத்தான் விலை, அதை வைத்துக்கொள்ள என்ன விலை என்று ஆஸ்பத்திரி ரேட் கார்டில் வரி கிடையாது.

நீலகண்டன் திருவனந்தபுரம் வலியசாலைக்காரர். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பருப்பு மண்டி. வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாத வாய் அவருக்குப் பரம்பரைச் சொத்து. 'இல்லை' என்ற சொல்லை மண்டியில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. 'நாளைக்கு வரும்' என்பார்கள், 'இதைவிட நல்லது இருக்கு' என்பார்கள். அந்த வாயை நம்பித்தான் ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் ரெனி டாக்டர் அவரை ஓ.பி.க்குக் கூப்பிட்டார்.

நோயாளி உலகம்மாள். தென்காசிப் பக்கத்து ஊர், பழவங்காடியில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை, முப்பத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தை. ஆறு மாதமாக நிற்காத உதிரப்போக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பை நிறையக் கட்டிகள். முதலில் புருஷன் சொரிமுத்துதான் டாக்டருக்கு மலையாளத்தில் மொழிபெயர்த்தான். கொத்தனார், மலையாளம் சாந்து குழைத்த மாதிரி வரும். உலகம்மாள் ஐந்து நிமிடம் பேசினாள். அவன் டாக்டரைப் பார்த்து, "ப்ளீடிங் அதிகமாணு டாக்டரே" என்றான். ரெனி டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அஞ்சு நிமிஷப் பேச்சு மூணு வார்த்தையில் முடிந்தால் நடுவில் யாரோ வடிகட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உறவுக்காரர் மொழிபெயர்ப்பது அவசரத்துக்குத்தான், சம்மதம் வாங்கும் பேச்சுக்கு வேண்டாம் என்பது ஆஸ்பத்திரி விதி. சொரிமுத்துவை வெளியே உட்காரச் சொன்னார். மொழிபெயர்ப்புப் பயிற்சி எடுத்த நர்ஸ் கலைச்செல்வி அன்று லீவு. மிஞ்சியவர் நீலகண்டன்.

பயிற்சி அவருக்கும் ஆகியிருந்தது. முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு முன்னால் டீ வந்தது.

பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. உலகம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். 'தமிழில் விளக்கப்பட்டது, நோயாளிக்குப் புரிந்தது' என்ற வரிக்குக் கீழே நீலகண்டன் தன் பேரை அழகாக எழுதினார். நோயாளி தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொன்னது என்று ஒரு கட்டம் இருந்தது. வெளியே ஆள் வரிசை நின்றது. அதில் 'ஓகே' என்று போட்டார்.

மறுநாள் காலை சொரிமுத்து அட்வான்ஸ் கட்டிய ரசீதோடு கவுண்டரில் வந்து நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். அவ கேக்கச் சொன்னா. புதுசு வைக்கதுக்குத் தனி பில்லு வருமா?"

"எதுக்குப் புதுசு?"

"கர்ப்பப்பைக்கு சார். எங்க மொதலாளி கால் முட்டு மாத்துனப்போ உள்ள வைக்க சாமானுக்குத் தனியா ஒரு லட்சம் வாங்கிட்டாவளாம். இதுக்கு எம்புட்டு ஆவும்னு தெரிஞ்சா ஊர்ல சொல்லி வைக்கலாம்."

நீலகண்டன் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"புதுசு வைப்பாங்கன்னு யாருவே சொன்னா?"

"நீங்கதான சார். எடுத்து மாத்தணும்னு சொன்னியளாம்."

சொன்னார். சத்தியமாகச் சொன்னார். டாக்டர் மலையாளத்தில் 'கர்ப்பபாத்ரம் எடுத்து மாற்றணம்' என்றார். எடுத்து அகற்ற வேண்டும் என்று அர்த்தம். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த நீலகண்டனுக்கும் மாத்துவது என்றால் அகற்றுவதுதான். வாசலில் செருப்பு கிடந்தால் 'மாத்து' என்பார்கள் வீட்டில். புதுச் செருப்பு வாங்கச் சொல்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் தென்காசிக்காரிக்கு மாத்துவது என்றால் பழசுக்குப் பதில் புதுசு. பல்பு மாத்துவது. சிலிண்டர் மாத்துவது.

அது சொல்லின் குற்றம் என்று தள்ளிவிடலாம். அடுத்தது அப்படித் தள்ள முடியாதது. 'இனி பிரசவிக்கான் பற்றில்லா', இனிப் பிள்ளை பெற முடியாது, என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எதிரே தங்கச்சி வயதில் ஒரு பெண், முகம் வெளுத்து. மண்டி வாய் அந்த இடத்தில் தானாக ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டது: "இனி அந்தத் தொந்தரவு ஒண்ணும் இருக்காது பாத்துக்கிடு." உலகம்மாள் அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

"எங்கவே அவ?"

"ஆப்பரேசன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. இப்பதான்."

ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார்; அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லிஃப்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் ஏறிக்கொண்டிருந்தது. நீலகண்டன் படியில் ஓடினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேனேஜர் பத்மகுமார் இறங்கி வந்தார்.

"நீலகண்டன் சாரே, தீ பிடிச்சோ?"

நீலகண்டன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். பத்மகுமார் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். மனிதர் பாதித் தமிழ் பேசுவார், காரியம் ஆக வேண்டும் என்றால் முக்கால்.

"ஒப்பு போட்டல்லோ? கையெழுத்து இருக்கே, பின்னே எந்தா? மேல போய் காதுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. பேப்பரை நான் புதுசா எழுதித் தரேன். பழசைக் கிழிச்சா முடிஞ்சு. உங்க பேர்தான் சாரே அதில் இருக்கு, டாக்டர் பேர் இல்லை. யோசிச்சுக்கோ."

அந்த யோசனையில் லாபம் இருந்தது என்பதை நீலகண்டன் மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலை. மகள் கல்யாணம் பாக்கி. காதில் ஒரு வார்த்தை. பயந்து படுத்திருப்பவள் 'சரி சார்' என்றுதான் சொல்வாள். நேற்றும் அதைத்தான் சொன்னாள்.

"வழி விடுங்க சார்," என்றார்.

தியேட்டர் வாசலில் சிஸ்டர் விஷ்ணுப்ரியா கையை நீட்டித் தடுத்தாள். "செருப்போட எங்க சாரே?"

"உலகம்மாள். மயக்கம் கொடுத்தாச்சா?"

"முதுகுல ஊசி போட உட்கார வெச்சிருக்கு. என்ன?"

"வேற ஏதாச்சும்? தூங்கறதுக்கு, பயம் தெளியறதுக்கு?"

"ஒண்ணும் கொடுக்கல. சாரே, என்ன விஷயம்?"

"நிறுத்தச் சொல்லு. அவ சம்மதிச்சது வேற ஆப்பரேஷனுக்கு."

விஷ்ணுப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே திரும்பி உள்ளே போனாள். கதவு ஆடி நின்றது. உள்ளே யாரோ எதையோ எஃகுத் தட்டில் வைக்கும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் நீலகண்டன் தெரிந்த பிள்ளையாருக்கெல்லாம் தேங்காய் நேர்ந்தார்.

ரெனி டாக்டர் பச்சை உடுப்போடு, கழுவிய கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வந்தார். நீலகண்டன் மலையாளத்தில் இரண்டு தவறையும் சொன்னார். முதலாவதைச் சொல்லும்போது டாக்டருக்குப் புரியவே இல்லை. 'மாற்றணம்' என்றால் அதுதானே என்பதுபோல் பார்த்தார். இரண்டாவதைச் சொன்னபோது தூக்கியிருந்த கைகள் கீழே இறங்கின.

"குழந்தை பிறக்காதுன்னு சொல்லவே இல்லையா?"

"இல்லை டாக்டர்."

"ஏன்?"

"சொல்ல வாய் வரல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மருந்து போடாததால பொழைச்சோம்," என்றார். "போட்டிருந்தா தெளியற வரைக்கும் காத்திருக்கணும். வார்டுக்கு மாத்துங்க அவங்களை." சொல்லிவிட்டு, தான் சொன்ன சொல்லைத் தானே ஒருமுறை கேட்டவர்போல் நின்றார். "கலைச்செல்வியை வீடியோவில் பிடிங்க. நீங்களும் வாங்க. மொழிபெயர்க்க இல்லை, நேத்து என்ன சொன்னீங்கன்னு சொல்ல."

வார்டில் திரையை இழுத்துவிட்டார்கள். கரமனை வீட்டிலிருந்து கலைச்செல்வி போனில் வந்தாள். பின்னால் விசில் அடித்த குக்கரை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். தன் பேரைச் சொன்னாள். "நீங்க சொல்லுத எல்லாத்தையும் டாக்டர்ட்ட சொல்லுவேன், டாக்டர் சொல்லுத எல்லாத்தையும் உங்கள்ட்ட சொல்லுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். வெளியில யாருட்டயும் பேச மாட்டேன். ஒங்க வீட்டுக்காரரு கூட இருக்கணுமா, வேண்டாமாம்மா?"

உலகம்மாள் யோசித்தாள். "இருக்கட்டும். வாயத் தொறக்கப்படாது."

சொரிமுத்து திரை ஓரம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் உலகம்மாளைப் பார்த்தே பேசினார், போனைப் பார்த்து அல்ல. "நாளைக்கு ஊரில் அம்மா கேட்டா, என்ன ஆப்பரேஷன்னு சொல்வீங்க?"

"பழைய பைய எடுத்துட்டுப் புதுசு வைப்பாவன்னு சொல்லுவேன். ரெண்டு வருசம் போயி ஒரு பையன் பெத்துக்கிடலாம்னு."

கலைச்செல்வி அதை அப்படியே மலையாளத்தில் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டாக்டர் மெதுவாக, ஒரு தடவைக்கு ஒரு வாக்கியமாகப் பேசினார். கலைச்செல்வியின் தமிழில் அது வந்தது. "எடுத்தா எடுத்ததுதான்மா. வேற வைக்க முடியாது, அப்படி ஒண்ணு இங்க கிடையாது. பெறவு பிள்ளை உண்டாகாது. மாசாமாசம் வாறதும் வராது."

உலகம்மாள் போனைப் பார்க்கவில்லை. நீலகண்டனைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க இதச் சொல்லலயே சார்."

"சொல்லல தாயி."

போனில் கலைச்செல்வி அந்த இரண்டு வரியையும் மலையாளத்தில் சொன்னாள். நீலகண்டன் தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தையை அடுத்தவர் வாயில் முழு எடையோடு கேட்பது அதுதான் முதல் தடவை.

"பைய வச்சுக்கிட்டு கட்டிய மட்டும் எடுக்க முடியாதா?" என்றாள் உலகம்மாள்.

முடியும், என்றார் டாக்டர். ரத்தம் அதிகம் போகலாம். கட்டி திரும்ப வரலாம். நடுவில் உயிருக்கு ஆபத்து என்றால் பையை எடுக்க வேண்டிவரும். அதற்கு உங்கள் சம்மதம் இப்போதே தேவைப்படும். அதுவரை உதிரத்தைக் குறைக்க மாத்திரை தரலாம், ரத்த அளவை ஏற்றலாம். இதை அவள் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். 'ஆபத்து' வந்த இடத்தில் நின்று, மறுபடி கேட்டு, மறுபடி சொன்னாள்.

சொரிமுத்து தாங்க முடியாமல், "அவ உசுருதான் டாக்டரே..." என்று ஆரம்பித்தான்.

"தொறக்கப்படாதுன்னேன்லா," என்றாள் உலகம்மாள். "எனக்கு யோசிக்கணும். இன்னிக்கு வேண்டாம்."

பத்மகுமார் வாசலில் புதுப் படிவத்தோடு நின்றிருந்தார். டாக்டர் அதை வாங்கவில்லை. பழைய தாளில் ஒற்றைக் கோடு இழுத்து, எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் கையெழுத்தும் போட்டார். கேஸ் ஷீட்டில் எழுதினார்: முதலில் பேசிய உறவினர் யார், ஏன் நிறுத்தப்பட்டது, பிறகு பேசிய ஊழியர் யார், அவர் பதவி, இன்று யார், எந்த மொழி, வீடியோ வழி, யார் யார் கூட இருந்தார்கள், யார் அனுமதியோடு, உலகம்மாள் சொன்னது அவள் வார்த்தையிலேயே. பிறகு தாளை நீலகண்டன் பக்கம் தள்ளினார்.

"உங்க பாகத்தை நீங்க எழுதுங்க."

மண்டிக்காரர் பிள்ளைக்கு ஒரே விதமாகத்தான் எழுதத் தெரியும். பேர், பதவி, நேரம் போட்டுவிட்டு எழுதினார்:

நேற்று டாக்டர் மருத்துவ விஷயமாகச் சொன்ன வாக்கியம் ஐந்து. நான் உள்ளபடி கொடுத்தது மூன்று. வேறு பொருள்படக் கொடுத்தது ஒன்று. கொடுக்காமல் வைத்துக்கொண்டது ஒன்று. 'இனி குழந்தை பிறக்காது'. இரண்டும் இன்று கலைச்செல்வி மூலம் நோயாளிக்குச் சேர்ந்தன. நோயாளி தர வேண்டியது பதில் ஒன்று. அவகாசம் கேட்டிருக்கிறார். பாக்கி நிற்கிறது.