தோழிக்கு ஒரு விக்

நிதுஷனின் கலியாணத்தில் தோழியாக நிற்க வேண்டியவள் அவனுடைய ஒரே அக்கா கஜந்தி. தாலி கட்டும்போது மணப்பெண்ணின் அருகில் நின்று பின்னலை ஒதுக்கிப் பிடிப்பது மாப்பிள்ளையின் சகோதரிக்கு உள்ள உரிமை. பிள்ளை பெற்ற பிறகு கஜந்திக்குத் தைரொயிட் பிடித்து, தலைமயிர் கொட்டத் தொடங்கும்வரை அதைப் பற்றி யாரும் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை.

"வீடியோ எல்லாம் எடுக்கிறாங்கள் பிள்ளை," என்றாள் தாய் சுசீலாதேவி. "உன்ரை மனம் நோகக் கூடாது எண்டுதான் சொல்லுறன். சாரங்கி நிண்டால் என்ன? சித்தியின்ரை மகளும் உனக்குத் தங்கச்சிதானே."

மனம் நோகக் கூடாதாம்! பிராண்டே ஊரில் இருந்து கோல்டிங் நகரத்து விக் கடை வரைக்கும் கார் ஓட்டிய அவ்வளவு நேரமும் கஜந்தி அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். நெற்றியின் இரு பக்கமும் மயிர் குறைந்தால் அக்கா என்கிற உறவும் குறைந்துவிடுமா? ஆனாலும் போனாள். வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பு.

விக் கடையில் வேலை செய்தவள் ஸ்ரெபானி, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன் இருத்தினாள்.

"முகத்துக்குப் பக்கத்திலை கொஞ்சம் அடர்த்தி வந்தால் காணும்," என்றாள் கஜந்தி. "கிளிப் போட்டுப் பூட்டுற முடி சரிவராதே?"

ஸ்ரெபானி காதுக்கு மேலே இருந்த மயிரை விரலால் விலக்கிப் பார்த்தாள். "வேண்டாம் அக்கா. கிளிப் பிடிக்கிறதுக்கு உங்கடை முடி அந்த இடத்திலை பலமா இருக்கோணும். இதிலை பூட்டினால் மிச்சமும் வேரோடை வந்திடும். கிளிப்பும் வெளியிலை தெரியும்."

தலையைச் சுற்றி நாடாவால் அளந்தாள். கஜந்தி கை நீட்டியது இடுப்புவரை தொங்கிய கன்னங்கறுப்பு விக்குக்கு. அதை வைத்துப் பார்த்தபோது கோயில் சிலைக்கு முடி வைத்தது போலிருந்தது. ஸ்ரெபானி அவளை யன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், கறுப்போடு கொஞ்சம் கபில நிறம் கலந்த, தோள்வரை விழும் ஒன்றை வைத்தாள். முன்பக்கம் மெல்லிய வலை. மயிர் நெற்றியிலிருந்தே முளைத்தது போலத் தெரிந்தது. பிடரிப் பட்டியை இறுக்கி, குனியச் சொல்லி, தலையை ஆட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு முன்மயிரைக் கன்னத்திலிருந்து நாடிவரை படிப்படியாக வெட்டிவிட்டாள். கண்ணாடியில் பழைய கஜந்தி இருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிப்போனது.

"இது செயற்கை நார் அக்கா. பச்சைத் தண்ணியிலை அலசுங்கோ, கசக்காதேங்கோ. தண்ணி வடிய ஸ்ராண்டிலை விடுங்கோ. காய்ஞ்ச பிறகு அகலப் பல்லுச் சீப்பாலை முதல் நுனியை இழுத்து, பிறகு மேலை மேலை போங்கோ. சூடு மட்டும் காட்டாதேங்கோ. கேக் சுடுற அடுப்பின்ரை கதவைத் திறக்கேக்கை வாற ஆவியே காணும், பொசுக்கிப் போடும்."

சொன்னபடியெல்லாம் கஜந்தி செய்தாள். கலியாணத்துக்கு முதல்நாள் தாய் வீட்டுக்குப் போனவள், விக்கை அறையில் ஸ்ராண்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தாள். திரும்பி வரும்போது கராஜுக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை. உள்ளே தாய், எண்ணெய் வழிகிற விக்கைத் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். முன்மயிர் சுருண்டு, கருகிக் கட்டியாகிக் கிடந்தது.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"ஆரின்ரை தலைமயிரோ. செத்தவளின்ரையோ, தீட்டுக்காரியின்ரையோ. அதோடை மணவறையிலை ஏறலாமோ? முழுகவாத்து, எண்ணெய் வைச்சு, சாம்பிராணி காட்டினன். வீட்டுக்குள்ளை செய்தால் புகை அலாரம் கத்தும்."

"அது தலைமயிரே இல்லையம்மா. பிளாஸ்ரிக்."

சுசீலாதேவி கையிலிருந்ததைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "சரி, நடந்தது நடந்து போச்சு. இனி என்ன செய்யிறது. சாரங்கியே நிக்கட்டும்."

அவ்வளவுதான். இத்தனை நாளும் விழுங்கிய கோபத்தை இனி விழுங்குவதில்லை என்று கஜந்தி முடிவெடுத்தாள். அந்த நேரம் பார்த்து நிதுஷன் கராஜ் கதவைத் திறந்து வந்தான். தலைப்பாகையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். உச்சி வெறுமையாகி மூன்று வருடம்; கராஜ் விளக்குக்கு அது பளபளத்தது. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொல் சொன்னது கிடையாது.

"ஓம் அம்மா," என்றாள் கஜந்தி, குரலை உயர்த்தாமல். "சாரங்கி நிக்கட்டும். அவளுக்கு அண்ணன் ஒருத்தனும் இருக்கிறான், சுஜிந்தன். தலை நிறையத் தலைமயிர். மாப்பிள்ளையையும் மாத்திப்போடுவம். வீடியோவுக்கு வடிவாயிருக்கும்."

நிதுஷன் தன் தலையைத் தடவினான். தாயைப் பார்த்தான்.

"அக்கா நிக்காட்டி நான் தாலி கட்டமாட்டன்," என்றான்.

மறுநாள் கஜந்தி, இருந்த மயிரை வாரித் தளர்வாகக் கொண்டை போட்டு, ஒரு முழம் மல்லிகைகூட வைக்காமல் மணவறை ஏறினாள். வீடியோக்காரன் வெளிச்சத்தை நேரே அவள் நெற்றிக்குப் பிடித்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.