பேர் போடாத கமெண்ட்

ரோலர் மாற்றும் டாஸ்க்கின் கீழே போய்ப் பிறந்தநாள் வாழ்த்து எழுதுகிறவர்களை என்ன செய்வது? அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் எங்கள் கம்பெனியில், இந்த எரிச்சலோடுதான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடியும். பிரவீணாவா, அந்தச் சண்டைக்காரியா என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

வேலைகளைப் பங்கிடும் ஆப்பைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எங்களுக்கு ஒவ்வொரு வேலையும் போனில் அந்த ஆப்பில் ஒரு டாஸ்க். அதன் கீழே கமெண்ட் எழுதலாம். டாஸ்க் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கும், @ போட்டு யார் பெயரைத் தட்டுகிறோமோ அவருக்கும்தான் போனில் மணி அடிக்கும். மற்றவர்கள் தேடிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. புதுப் பிரச்சினைக்குப் புது டாஸ்க் போடுங்கள், செய்ய வேண்டியவரை மென்ஷன் பண்ணுங்கள், என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். வாயால் சொன்னது செல்லாது, எல்லாம் ஆப்பில் வர வேண்டும் என்று மேனேஜர் அறிவரசனும் உத்தரவு போட்டிருந்தார்.

ஃபிட்டர் வீரமுத்து மட்டும் ஒழுங்காக எழுதுவார். ஆனால் யாரையும் மென்ஷன் பண்ண மாட்டார்.

"அன்பழகன் சார் பேரைத் தட்டுங்கண்ணே. அப்பத்தான் அவருக்குப் போவும்."

"இன்ஜினியரப் போயி மொட்டையா பேரு சொல்லிக் கூப்புடுறதா? நல்லாருக்காதும்மா. சார்னு போட்டா அவருக்குத் தெரியாதா?"

"ஆப்புக்குத் தெரியாதுண்ணே."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்பழகன் அவரைவிட இருபது வயது இளையவன். சார் என்றால் சார்தான் அவருக்கு.

வீரமுத்துவின் அக்கா மகள் வெற்றிச்செல்வி, மூன்றாவது பெல்ட்டுக்கு அடியில் சிதறும் கல்லை அள்ளும் வேலையில் இருந்தாள். அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். பெல்ட் ஓரமாக நீளத்துக்கும் ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிட வேண்டும். ஒரு காலையில் அவள் சட்டைக் கை ரோலரில் சிக்கியது. மறு கையால் கயிற்றை இழுத்திருக்கிறாள். பெல்ட் நிற்கவில்லை. கன்ட்ரோல் ரூமுக்கு ஆள் ஓடி நிறுத்துவதற்குள் வலது கை போய்விட்டது.

மறுநாள் விசாரணை. அந்த பெல்ட்டில் கடைசியாக வேலை பார்த்தவர் வீரமுத்து. கயிறு வேலை செய்யாததை அவர் சொல்லவில்லை என்று பேச்சு கிளம்பியது.

"சொன்னேங்க. எழுதிப் போட்டேங்க" என்றார். போனைத் தடவித் தடவிப் பார்த்தார். ரோலர் வேலை முடிந்ததும் டாஸ்க்கை மூடியாகிவிட்டது. திறந்திருக்கும் வேலைகளில் அது இல்லை.

அந்த மனிதனைத் திருடனைப் போல நிற்க வைத்திருந்தார்கள். மூடிய டாஸ்க்குகளில் தேட உட்கார்ந்தேன். அந்தக் கயிற்றுக்கு இங்கிலீஷில் சொல்லும் 'புல் கார்டு' என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. 'சேஃப்டி' என்றேன், போன வருடத்துப் போட்டோக்கள் வந்தன. அவர் எப்படிச் சொல்வார் என்று யோசித்து, 'கயிறு' என்று போட்டேன். வந்தது.

'ரோலர் மாத்தியாச்சு. சார், கயிறு இழுத்தா பெல்ட் நிக்கல. பாக்கவும்.'

அதற்குக் கீழே அறிவரசனுக்கு இருபது முப்பது பேர் கேக் படத்தோடு வாழ்த்து. 'நன்றி', 'நன்றி', 'சூப்பர் சார்'. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய்க் காட்டினேன்.

அன்பழகன் படித்தான். முகம் வெளிறிவிட்டது. "எனக்கு மென்ஷனே வரலீங்க மேடம். ரோலர் டாஸ்க்க நான் ஏன் தொறந்து பாக்கப் போறேன்?" பொய் சொல்லவில்லை. அவனுக்குப் போன மென்ஷன்களில் இது இல்லை.

அறிவரசன் இரண்டு முறை படித்துவிட்டு வீரமுத்துவிடம் திரும்பினார். "அப்ப கயிறு வேல செய்யலன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் யாருக்கும் சொல்லல."

"சார்னு போட்டிருக்கேனே."

"எந்த சாரு? இங்க பதினோரு சாரு இருக்கோம்."

வீரமுத்து அன்பழகனைப் பார்த்தார். அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. தன் பிறந்தநாள் வாழ்த்துகளில்தான் அந்த வரி புதைந்து போனது என்பதை அறிவரசனும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அது வேறு விஷயம் என்றார். வீரமுத்துவைக் காப்பாற்ற நான் தேடி எடுத்த அதே வரியை வைத்து அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை அவரோடு திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெற்றிச்செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோளுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"நீங்க முன்னாடியே பாத்துட்டீங்களாமே மாமா. நெசமா?"

"எழுதிப் போட்டேன் ஆயி."

"யாருக்கு?"

"சாருக்கு" என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பேரப் போட்டிருக்கலாம்ல மாமா."