நூற்றுப் பதினைந்து யாருடையது

கரகண்டா இதய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காம் கட்டிலுக்குப் பக்கம் பலூன் பம்ப் ஓடத் தொடங்கினால் கம்ஷாத்துக்கு முதுகு சில்லிடும். புஸ், டக். புஸ், டக். வீட்டில் கெட்டில் கொதித்தாலும் அதே சத்தம்தான் கேட்கும்.

போன வருடம் அதே கட்டிலில் வலிகான் என்று ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவருடைய இதயத் தசை நின்றுபோன பிறகும் மின்சாரம் மட்டும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் அந்த மின்சாரத்தைப் பார்த்துத்தான் பலூனை ஊதும். ஆகவே ஊதிக்கொண்டே இருந்தது. ரத்த அழுத்த எண் சரிந்தாலும் திரையில் மேடு மேடாகக் கோடு போனது. மனைவி அவர் தலையைச் சீவிக்கொண்டே, "துடிக்குது பாருங்க" என்றாள். அந்தச் சீப்பை கம்ஷாத்தால் மறக்க முடியவில்லை. டாக்டராகப் பன்னிரண்டு வருடம் பார்த்த சாவுகள் எல்லாம் ஒரு பக்கம், அந்தச் சீப்பு ஒரு பக்கம்.

இப்போது அங்கே கிடப்பவர் ஒராஸ்பெக். சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். தம்பி மகள் கல்யாணத்தில் நெஞ்சு வலித்தபோது, பெரியவர்கள் ஆசி சொல்லி முடிக்காமல் எழுந்தால் மரியாதையாக இருக்காது என்று, குதிரைக்கறிமேல் பழியைப் போட்டு உட்கார்ந்தே இருந்தார். வந்து சேர்ந்தபோது இதயத்தின் முன்சுவரில் பெரும்பகுதி போயிருந்தது. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்படியும் ரத்த அழுத்தம் நிற்காததால் தொடை வழியாகப் பலூனை மகாதமனிக்குள் ஏற்றினார்கள்.

மதியம் ஆர்த்தர் கென்ரிகோவிச் சுற்றுக்கு வந்தார். இந்த ஊர் ஜெர்மானியர், பிரிவின் தலைவர், முடிவு அவர் கையில். திரையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நூத்திப் பதினஞ்சு! பாருங்க கம்ஷாத், நம்ம சுரங்கக்காரர் கல்லு மாதிரி இருக்கார். என்ன ஐயா, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்," என்றார் ஒராஸ்பெக். கழுத்தில் கத்தி வைத்தாலும் அவர் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டுப் போர்வையைத் தள்ளினார், மறுபடி இழுத்தார். "கூண்டு கீழேயே நிக்குது. பெல் அடிங்கப்பா."

"தூக்கக் கலக்கம்," என்றார் ஆர்த்தர்.

கம்ஷாத் ஒராஸ்பெக்கின் கையைப் பிடித்தாள். ஈரமான சில்லிப்பு.

"கை பனிக்கட்டியா இருக்கு, சார்."

"வெளியே மைனஸ் முப்பது. இந்த ஊர்ல யார் கை சூடா இருக்கு? என் கையைத் தொட்டுப் பாருங்க."

"நீங்க இப்பத்தான் வெளியே இருந்து வந்தீங்க. இவர் நேத்து ராத்திரியில இருந்து போர்வைக்குள்ள கிடக்கார்."

போர்வையை விலக்கினாள். முழங்கால்களில் ஊதா வலை பின்னியிருந்தது. பலூன் குழாய் போகாத காலிலும் அப்படியே. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து விரல் நனையும் அளவுதான். உடலுக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் அளவு இறங்க வேண்டியது ஏறியிருந்தது.

அந்த நேரம் ஆர்த்தரின் போன் அடித்தது. தலைநகரிலிருந்து வரும் டாக்டர் நரிமன். இதைவிட வலுவான பம்ப் ஒன்றோடு வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

"ஆர்த்தர் கென்ரிகோவிச், புயல் கிளம்பிடுச்சு. போலீஸ் ரோட்டை மூடக் கட்டையை இறக்கப் போறான். வரட்டுமா, திரும்பட்டுமா? இப்பவே சொல்லுங்க. நடுவுல மாட்டினா நான் உங்க நோயாளி ஆயிடுவேன்."

ஆர்த்தர் திரையைப் பார்த்தார். "நூத்திப் பதினஞ்சு இருக்கு. மருந்தைக்கூடக் குறைக்கலாம்னு பார்க்கறேன். நீங்க..."

"ஒரு நிமிஷம்," என்றாள் கம்ஷாத். போனை மறித்தாற்போல் நின்றது அவளுக்கே தெரியவில்லை. "அந்த எண் யாரோடதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

பம்பின் பொத்தானைத் திருப்பினாள். அதுவரை ஒவ்வொரு துடிப்புக்கும் ஊதியது, இப்போது ஒன்று விட்டு ஒன்றுக்கு ஊதியது.

புஸ், டக். பிறகு மௌனம். புஸ், டக். மௌனம்.

திரையில் ரத்த அழுத்தக் கோடு இரண்டாகப் பிரிந்தது. பலூன் ஊதிய துடிப்பில் ஒரு சின்ன மேடு, அதையொட்டிப் பெரிய குன்று. இதயத்தின் வாயிற்கதவு மூடியதும் ஹீலியம் பாய்ந்து பலூன் வீங்குகிறது; மகாதமனியில் நிற்கும் ரத்தம் பின்னுக்குத் தள்ளப்பட்டு இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குள் போகிறது. அதுதான் குன்று. இதயம் அடுத்து அழுத்தும் முன் பலூன் சட்டென்று சுருங்கும். இதயம் தள்ள வேண்டிய பாரம் குறையும். நல்ல உதவிதான். ஆனால் மானிட்டருக்கு எது உயரமோ அதுதான் மேல் எண். நூற்றுப் பதினைந்து அந்தக் குன்றின் உச்சி.

பலூன் ஊதாத துடிப்பில் எறும்புப் புற்றைப் போல ஒரு மேடு மட்டும். எழுபத்து நான்கு.

"இதுதான் இவர்," என்றாள். உடனே பொத்தானைப் பழையபடி திருப்பினாள். அந்த உதவியும் இல்லாமல் அவரை வெகுநேரம் விட முடியாது. "மத்தது மெஷின். இதயம் எவ்வளவு தள்ளுதோ அதுமேலதான் பலூன் கொஞ்சம் கூட்டும். தள்ளவே ஆளில்லன்னா அது என்ன செய்யும்?"

ஆர்த்தர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். போனில், "ஹலோ, ஹலோ" என்று நரிமன் கத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க," என்றார் ஆர்த்தர். "கட்டையை இறக்கறதுக்குள்ள வாங்க. அறையைத் தயார் பண்றோம்."

பிறகு கம்ஷாத்திடம், "கொஞ்சம் முன்னாடியே திருப்பிக் காட்டியிருக்கலாமே, அம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை.

நரிமன் தாடியெல்லாம் பனியோடு வந்தார். "டீ அப்புறம்" என்று நேரே எக்ஸ்ரே அறைக்குப் போனார். பலூனை எடுத்துவிட்டு, பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு குழாயைத் தொடை வழியாகவே இதயத்தின் இடது அறை வரை ஏற்றினார்கள். அதற்குள் ஒரு குட்டித் திருகு சுழல்கிறது. இதயம் அழுத்துகிறதா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. அறைக்குள் கிடக்கும் ரத்தத்தை உறிஞ்சி, வாயிலுக்கு அப்பால் மகாதமனியில் விட்டு விட்டு அல்லாமல் ஒரே சீராக ஊற்றிக்கொண்டே இருக்கும். களைத்த இதயம் நடுவில் ஓய்வெடுக்கலாம்.

மறுநாள் காலை ஒராஸ்பெக்கின் மனைவி உல்ஜானை உள்ளே விட்டார்கள். கட்டில் அருகே வந்தவள் திரையைப் பார்த்தாள். குன்றும் இல்லை, மேடும் இல்லை. லேசாக நெளியும் ஒரு கோடு மட்டும். கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஐயோ! துடிக்கலையே! டாக்டரம்மா, போயிட்டாரே!"

கம்ஷாத் ஓடி வந்தாள். கோட்டைப் பார்த்ததும் ஒரு கணம் அவளுக்கும் அவர் போய்விட்டதாகவே தோன்றியது. என்ன பம்ப், ஏன் கோடு இப்படி என்று எல்லாம் தெரிந்திருந்தும் தோன்றியது. தலைமாட்டில் யாரோ சீப்போடு நிற்பதுபோல் இருந்தது.

ஒராஸ்பெக் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏண்டி கத்தற? ஊரே கூடிடும். டீ கொண்டு வந்தியா?"

உல்ஜான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. ஃபிளாஸ்க்கில் பால் டீ இருந்தது.

"ஒரு வாய் மட்டும் குடுங்க," என்றாள் கம்ஷாத். "குழாய் போற காலை மட்டும் மடக்க விடாதீங்க."

சிறுநீர்ப் பை பாதி நிறைந்திருந்தது. முழங்காலில் ஊதா வலை கலைந்திருந்தது. கம்ஷாத் அவரைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்பச் சிரமமாக இருந்தது.

உல்ஜான் எழுந்து அவள் காதருகே வந்தாள். கணவனுக்குக் கேட்கக் கூடாது.

"மறைக்காம சொல்லும்மா. அந்தத் திருகை நிறுத்தினா இவர் இருப்பாரா?"

"தெரியாது, அக்கா. மூணு நாள் கழிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சுப் பாப்போம். இதயம் தானா எழும்புதான்னு அப்பத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நிறுத்த மாட்டோம்."

உல்ஜான் தலையசைத்தாள். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, துடிப்பில்லாத அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.