செல்போனுக்குப் போட்ட பூட்டு

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் மின்தூக்கி நடுவழியில் நின்றால் முதலில் அடிப்பது அவருடைய போன்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, காத்து வந்துட்டேதான் இருக்கும், கதவை மட்டும் நீங்களா திறக்கப் பாக்காதீங்க" என்று அவர் பேசுவதைக் கேட்டால் அழுகிற குழந்தைகூட அமைதியாகிவிடும். அத்தனை பொறுமை. அந்தப் பொறுமையெல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும் என்பது அவர் மனைவியின் கட்சி.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. சின்னவனுக்கு எட்டு; வீட்டில் அவனுக்குப் பெயர் பொடியன். பெரியவளிடம் அம்மாவின் பழைய போன் இருந்தது, பொடியனிடம் ஒரு டேப்லெட்.

பொடியன் வகுப்பில் தலை சாய்த்துத் தூங்குகிறான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியபோதுதான் வினை தொடங்கியது. ராத்திரி போர்வைக்குள் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அதில் கார் ஓட்டியிருக்கிறான் பயல். அப்பாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், ஸ்பேனரைத்தான் எடுப்பார். பிள்ளைகளின் போனைக் கட்டுப்படுத்தும் செயலி ஒன்றை இரண்டிலும் ஏற்றினார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இரவு ஏழரைக்கு மேல் எதுவும் திறக்காது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை முடித்த திருப்தியோடு கைகளைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரியவள் நான்கு பேரோடு சேர்ந்து செய்கிற அறிவியல் பாடவேலையில் இருந்தபோது போன் மூடிக்கொண்டது. சாப்பிட வந்தாள், சாப்பிட்டாள், போனாள். அடுத்த நாளும் அப்படியே. அப்பா கேட்டதற்கெல்லாம் "ம்", "இல்ல", "சரி" மூன்றுதான் பதில். பொடியன் வேறு ரகம். அவன் அப்பாவின் தோளுக்குப் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து அவர் ரகசிய எண்ணை அடிப்பதைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டான். வாரம் முடிவதற்குள் தன் நேரத்தைத் தானே கூட்டிக்கொண்டு, கேட்டபோது, "அப்பாவோட கல்யாண வருஷத்தைப் போய் வச்சா யாருக்குத்தான் தெரியாது?" என்றான்.

அப்பா எண்ணை மாற்றக் கிளம்பினார். மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்தாள்.

"நீங்க பூட்டு மாத்துவீங்க, அவன் சாவி தேடுவான். பெரியவ பேசறதையே நிறுத்திட்டா. ஒரு நாள் உக்காந்து பேசிப் பாக்கலாமேங்க."

"சின்னப் பசங்ககிட்ட என்னத்தப் பேசறது?"

"அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறது. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஏதோ பஞ்சாயத்து மாதிரி இருக்கிறதே என்று அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக்கூடாது. குறிப்பாக அப்பா.

பொடியன் முதலில் கேட்டது, ஆட்டம் பாதியில் இருக்கும்போது சட்டென்று மூடிவிடக் கூடாது என்று. ஓடுகிற காரை அப்படியே விட்டுவிட்டு வந்தால் தோற்ற கணக்கில் சேருமாம். அது நியாயம்தான் என்று அம்மா சொன்னாள். ஐந்து நிமிடம் முன்னால் செயலி எச்சரிக்கை கொடுக்கும்; அதற்குப் பிறகு புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது என்று முடிவானது.

பெரியவள் வெகுநேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், தலை நிமிராமல். ஊரை விட்டுப் போன அவளுடைய உயிர்த்தோழிக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அந்தப் பெண்ணின் அம்மா வேலை முடிந்து வர எட்டு மணியாகும், அப்புறம்தான் போன் கைக்கு வரும். ஏழரைக்கு எல்லாம் மூடினால் அவளோடு பேச வழியே இல்லை. பூட்டு விழுந்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டதே இல்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலையேப்பா" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

மதியத்துக்குள் ஒரு திட்டம் வந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் பொடியனுக்கு அரைமணி நேரம் டேப்லெட், பிறகு ஆறு மணி வரை வெளியில் விளையாட்டு. ஆறிலிருந்து ஏழே கால் வரை இருவருக்கும் படிப்பு, கூடத்து மேசையில். பாடவேலைக்குப் போன் தேவைப்பட்டால் அங்கேயே எடுத்துச் செய்யலாம், அது கணக்கில் சேராது. ஏழே காலிலிருந்து எட்டு வரை சாப்பாடும் குடும்பமும். அந்த நேரத்தில் எல்லாருடைய போனும் அலமாரித் தட்டில். எட்டிலிருந்து எட்டே முக்கால் பெரியவளின் பேச்சு நேரம், பொடியனுக்கு அம்மாவோடு கதைப் புத்தகம். அப்புறம் எல்லாப் போனும் மறுபடி தட்டில், சார்ஜில். படுக்கையறைக்குள் எதுவும் போகாது. விடுமுறை நாளில் இருவருக்கும் கொஞ்சம் கூடுதல்.

"எல்லாப் போனும்னா அப்பா போனும்தான?" என்று பொடியன் கேட்டான்.

அவர் வேலைப் பேச்சை எடுத்தார். அவசர அழைப்புக்குத் தன் முறை வரும் வாரத்தில் போன் அடித்தால் எடுத்தே ஆகவேண்டும். சரி, மணி அடித்தால் எடுக்கலாம், சும்மா எடுத்துப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பானது. மீறினால் மறுநாள் அவருக்கும் வீடியோ கிடையாது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நால்வரும் சேர்ந்துதான் மாற்றவேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்து எது சரிவந்தது, எது வரவில்லை என்று பார்ப்பது.

முதலில் உதைத்தது குடும்ப நேரம்தான். சாப்பிட்டு முடித்ததும் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. இரண்டாம் நாள், வயிறு சரியில்லை என்று குளியலறைக்குப் போனவர் வரவே காணோம். பொடியன் கதவில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே கிரிக்கெட் வர்ணனை.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிய வெளியே வந்தார். ஸ்கோர் மட்டும்தான் பார்த்தேன் என்றார். பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்காகவே பிடிபட்டது நல்லதாயிற்று என்று அவர் நினைத்தார். மறுநாள் ஆட்டத்தைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வேறு வேலை இல்லாததால், மின்தூக்கியின் கயிறு அறுந்தால் அது விழுமா விழாதா என்று பொடியன் கேட்டதற்கு, தேக்கரண்டியையும் நூலையும் வைத்து விளக்கத் தொடங்கினார். ஒரு கயிறு இல்லை, பல கயிறு. எல்லாம் போனாலும் வேகம் கூடினால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடிகள் உண்டு. எட்டு மணி ஆனதை அன்று யாரும் கவனிக்கவில்லை. தோழியின் ஞாபகம் வந்து பெரியவள்தான் பதறி எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு அவள் பால்கனியிலிருந்து வந்தபோது முகம் சிவந்திருந்தது. அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவ அழுதுட்டு இருந்தா. பாதியில போன் நின்னுடுச்சு. இன்னும் நேரம் வேணும்னு அனுப்பினேன், பதிலே வரல."

அந்தக் கோரிக்கை செயலி வழியாக அவர் போனுக்குத்தான் வந்திருக்கும். போனோ தட்டில் கவிழ்ந்து கிடந்தது. அவர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். படுக்கையிலிருந்து பொடியன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி கணவனையே பார்த்தாள்.

எடுத்துக் கொடுத்துவிட ஒரு நொடி ஆகாது. ஆனால் நால்வரும் சேர்ந்து போட்டது. அவர் பொடியன் பக்கம் திரும்பினார்.

"அக்காவோட ஃப்ரெண்ட் அழறாளாம். இன்னும் கொஞ்ச நேரம் பேசணுங்கறா. நீ என்ன சொல்ற?"

பொடியன் இப்படிக் கேட்கப்படுவான் என்று எதிர்பார்க்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு யோசித்தான்.

"அதுக்காக எனக்கும் நாளைக்கு ஜாஸ்தி வேணும்னு கேக்க மாட்டேன்" என்றான் கடைசியில். "அழறவங்கள பாதியில விட முடியாதுல்ல. குடுங்க."

அம்மாவும் தலையசைத்தாள். அப்பா அரைமணி நேரம் கூட்டிக் கொடுத்தார். பெரியவள் ஓடினாள்.

அந்த அரைமணி முழுவதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்திலேயே தானாக வந்து போனைத் தட்டில் வைத்தாள். வழக்கமாக நேரே படுக்கப் போகிறவள், அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். புதுப் பள்ளியில் சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்ணோடு யாரும் உட்காருவதில்லையாம். தினமும் தனியாகச் சாப்பிடுகிறாளாம், வீட்டில் சொல்லவில்லையாம். என்ன சொல்வது என்று தெரியாமல் தான் சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்ததாகச் சொன்னாள்.

"அது போதும்மா" என்றார் அப்பா. "கேட்டுட்டு இருந்தியே, அதுவே பெருசு. அவ அம்மாகிட்ட சொல்லச் சொன்னியா?"

"சொன்னேன். நாளைக்குச் சொல்றேன்னா."

பிறகு அவள் தன் வகுப்பைப் பற்றிப் பேசினாள், தோழி போனபின் தான் யாரோடு உட்காருகிறாள் என்றும் சொன்னாள். அப்பா மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று. மனைவி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல விளக்கைத் தணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேசை. அவசரம் என்றால் போனில் கேட்காமல் நேரில் வந்து கேட்பது என்று முதல் திருத்தம் பெரியவளே சொன்னாள். படிப்பு நேரத்தின் நடுவில் கொஞ்சம் எழுந்து நடக்கவேண்டும் என்று கேட்டாள், ஒத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாளாவது தான் கடையிலிருந்து வரும்போது சாப்பாடு தயாராக இருக்கவேண்டும் என்றாள் அம்மா. அப்பாவும் பெரியவளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பொடியன் இப்போது வகுப்பில் தூங்குவதில்லை என்ற சேதியும் வந்திருந்தது.

உனக்கு என்னடா வேண்டும் என்று கேட்டபோது, இன்னும் கால்மணி டேப்லெட் என்று கேட்கப்போகிறான் என்றே அப்பா நினைத்தார். அவன் நாற்காலியில் முட்டிபோட்டு எழுந்தான்.

"விளையாட்டு நேரத்துல லீவு நாள்லயாவது அப்பாவும் வரணும். பந்து போட ஆளே இல்ல."

அன்று மாலை அவர் பழைய பனியனோடு கீழே இறங்கினார். ஆறு பந்து போடுவதற்குள் மூச்சு வாங்கியது. பெரியவள் மட்டையை வாங்கிக்கொண்டு அவர் பந்தை மதில் வரை அடித்தாள். "ஓடுங்கப்பா, ஓடுங்க" என்று பொடியன் பின்னாலிருந்து விரட்ட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே அவர் ஓடினார்.