ஆயிரம் பேருக்கு அரை நொடி

“ஒரே நேரத்துல ஐந்நூறு பேர் வந்தா பதில் போக ரெண்டு செகண்ட், ஆயிரம் பேருக்கு அரை செகண்ட்! கூட்டம் கூடக் கூட நம்ம சைட் பறக்குதுக்கா!” டெவலப்பருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மணிக்கு டிக்கெட் விற்பனை தொடங்க வேண்டும். டெஸ்டர் அக்காவின் சம்மதம்தான் பாக்கி.

அவள் சோதனை ரிப்போர்ட்டில் பிழைகளின் கட்டத்தைத் தொட்டாள். ஐந்நூறு பேர் வந்தபோது பூஜ்யம், ஆயிரம் பேர் வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு.

“கதவைச் சாத்த எவ்வளவு நேரம்டா ஆகும்? எரர் காட்டித் திருப்பி அனுப்பற அந்த வேகம்தான் இது. செகண்டுக்கு ரெண்டாயிரம் பதில். அதுல டிக்கெட் இருநூறுதான். ஐந்நூறு பேர் இருந்தப்போ செகண்டுக்கு இருநூத்தம்பது குடுத்தியே, மகராசா!”

அவன் முகம் தொங்கியது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணி மூன்று.

“அக்கா, ஐந்நூறு பேரை மட்டும் உள்ள விட்டு, மத்தவங்கள வரிசையில நிறுத்திடறேன். இன்னொரு தடவை டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்களேன், ப்ளீஸ்?”